நாகாஸ்திரம்: இரண்டாம் முறை ஏன் எய்யவில்லை?

"நாகாஸ்திரத்தை ஒரே முறைதான் விடுவேன் என்று குந்தியிடம் கர்ணன் சத்தியம் செய்ததாக வியாசரே எழுதியிருக்கிறார்."

இப்படி ஒருவர் எழுதியிருந்தார். சிறு திருத்தம். அந்தச் சத்தியம் வில்லிபாரதத்தில் வருவது. வியாசரின் உத்தியோக பர்வத்தில் கர்ணன் தருவது ஒரே வாக்குதான்: அர்ஜுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்வதில்லை. கர்ண பர்வத்தில் குறி தப்பிய அம்பிலிருந்த அசுவசேனன் என்னும் நாகமே திரும்பி வந்து, மறுபடி எய்யச் சொல்கிறது. பிறர் பலத்தில் வெல்ல விரும்பவில்லை, நூறு அர்ஜுனர்களைக் கொல்வதானாலும் ஒரே அம்பை இருமுறை தொடுக்கமாட்டேன் என்று கர்ணன் மறுக்கிறான். இந்த இரு பர்வங்களையும் ஏதேனும் முழு மொழிபெயர்ப்பில் புரட்டினாலே தெரிந்துவிடும்.

இன்னொரு நண்பர், ஒருமுறைதான் எய்யலாம் என்ற நிபந்தனை இந்திரன் விதித்தது என்றார். அது பாதி சரி. ஆனால் அது நாகாஸ்திரத்துக்கு அல்ல, இந்திரன் கர்ணனுக்குத் தந்த சக்தி ஆயுதத்துக்கு. அர்ஜுனனுக்காக வைத்திருந்த அது கடோத்கசன்மேல் செலவானதால்தான் கிருஷ்ணர் மகிழ்ந்தார்.

வியாசரிடம் கர்ணனைத் தடுப்பது அவனுடைய செருக்கு, வில்லியிடம் தாய்க்குத் தந்த வாக்கு. எனக்கு வில்லியின் மாற்றமே அதிகம் வலிக்கிறது. ஆனாலும் அது வில்லியுடையது.