செட்களைக் குறைக்கலாம், பளுவைக் குறைக்கக் கூடாது

“டயட்டில் இருக்கும்போது வாரம் 5 நாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் தசை கரைந்துவிடும்.”

இது தவறு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 3 நாள் பயிற்சி செய்துவந்த இளைஞர்கள், பிறகு பளுவைக் குறைக்காமல் வாரம் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் மட்டும் செய்தே 32 வாரங்கள் தசை அளவைத் தக்கவைத்தனர். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது போதவில்லை.

அந்த ஆய்வு டயட் செய்தவர்களிடம் நடத்தப்பட்டதன்று என்பதால், வாரம் 2 நாள், ஒவ்வொரு தசைத் தொகுதிக்கும் நாளுக்கு 2 கடினமான செட் என்பதையே பாதுகாப்பான கீழெல்லையாகக் கருதுகிறேன். 60 கிலோவில் 8 முறை ஸ்குவாட் செய்பவர் அந்த 60 கிலோவை விடக் கூடாது. 8 என்பது 5 ஆகி, மூன்று வாரமாகியும் மீளாவிட்டால், செட்டைக் கூட்டுவதற்கு முன் உணவை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். தசையைக் காக்கப் புரதமே போதும் என்று சிலர் சொல்வது பாதி உண்மை. பளு இல்லாத புரதம் தசையை முழுமையாகக் காப்பதில்லை.