ஷோரீலில் வலுவான காட்சி முதலில் வரட்டும்

“ஷோரீலில் சிறந்த காட்சியைக் கடைசிக்கு வைத்தால் ஐந்து நிமிடமும் பார்ப்பார்கள்” என்கிறீர்கள் அண்ணா.

கதைப்படத்துக்கு இது சரி. ஷோரீல் என்பது வாய்ப்புக்காக நம் காட்சிகளைத் தொகுத்துக் காட்டும் சிறு வீடியோ. அதில், ஒளிப்பதிவாளரைத் தேடுபவர் பிடிக்காவிட்டால் சில நொடிகளிலேயே மூடிவிடுவார். கல்யாண வீடியோ வேறு. அதைக் குடும்பத்தார் கடைசிவரை பார்ப்பார்கள்.

என் ரீல் தனுஷ்கோடி டிரோன் காட்சியில் தொடங்கி மூன்றரை நிமிடம் ஓடியது. பாம்பன் குடிசையில், ஒற்றை விளக்கொளியில் வலை பின்னும் பாட்டியின் முகம் கடைசியில் கிடந்தது. என் ஒளியமைப்பு தெரிவதே அதில்தான். அதை முன்னால் வைத்து, ஒன்றுபோலிருந்த கடற்கரைக் காட்சிகளை வெட்டி, 80 நொடியாக்கினேன்.

நீங்களே சோதிக்கலாம்: எதுவும் சொல்லாமல் நாலைந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, எந்த நொடியில் விரல் காட்சியைத் தள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றி, இதுவரை பார்க்காத வேறு சிலரிடம் கொடுத்துப் பாருங்கள்.