கைக்குத்தல் அரிசியில் ஆர்சனிக் இல்லையா?

"கைக்குத்தல் அரிசியில் ஆர்சனிக் துளியும் கிடையாதாம். பூச்சிமருந்து அடித்து விளைந்த வெள்ளை அரிசியில்தான் அந்த நஞ்சாம். உண்மையா?"

இல்லை. ஏறக்குறைய நேர்மாறு. ஆர்சனிக் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இயற்கையாகவே உண்டு. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். இரும்புத் துருவோடு ஒட்டிக்கிடந்த ஆர்சனிக் அப்போது கரைந்து வெளிவருகிறது. நெல்வேர் சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் அதையும் இழுத்துக்கொள்கிறது. எரு மட்டுமே இட்ட வயலிலும் இதுதான் நடக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் ஆர்சனிக் குறையும். மிகவும் காயவிட்டால் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் ஏறும்.

ஆர்சனிக்கில் அதிக நஞ்சான வகை கனிம ஆர்சனிக். நெல்மணிக்குள் வந்த அது தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது. கைக்குத்தலில் அந்தத் தவிடு பெருமளவு தங்கிவிடுகிறது. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 0.35 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. நார்ச்சத்துக்காகக் கைக்குத்தல் உண்பவர்கள் அதை விட வேண்டியதில்லை. இடையிடையே சாமையும் தினையும் உண்ணலாம்.

கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் நாம் குக்கரையே நம்புகிறோம். அதில் தண்ணீர் முழுவதும் சோற்றிலேயே வற்றி, ஆர்சனிக்கும் அங்கேயே தங்குகிறது. ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் வைத்து, கூடுதல் நேரம் வேகவிட்டுக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் கனிம ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் குறையும். பி வைட்டமின்களிலும் ஒரு பங்கு போய்விடும்.