விற்காத பங்குக்கு வரி கேட்கும் அண்ணனுக்கு

நேற்று இரவு நான் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் அழித்த பதிவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். காதுகுத்துப் பந்தியில், சாம்பார் வாளி என் இலைக்கு வருவதற்குள், பெரியப்பா மகன் நாற்பது பேர் காதில் விழும்படி சொன்னார்: "பங்குல இருபது லட்சம் லாபம் பார்த்தவன் ஒத்த ரூபா வரி கட்டல. மாசச் சம்பளக்காரன் கிட்ட மட்டும் பிடுங்குறாங்க. இதுக்கெல்லாம் வழி சொல்லிக் கொடுக்கிறதுதான் எங்க தங்கச்சி வேலை."

அந்த "பங்குல லாபம் பார்த்தவன்" என் அப்பா. அதுவும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டேன். இது நிதானமாக எழுதுவது. அப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

அண்ணா, விற்காத லாபம் லாபமே இல்லை. பதினேழு வருடமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவள் சொல்கிறேன். அப்பா வாங்கிய பங்கு திரையில் பச்சையாக 24 லட்சம் காட்டினால், அவர் பையில் 24 லட்சம் இருப்பதாக அர்த்தம் இல்லை. அன்றைக்கு யாரோ சிலர் அந்த விலைக்குக் கொஞ்சம் பங்கு வாங்கினார்கள் என்றுதான் அர்த்தம். விற்றால்தான் பணம். பணம் வந்தால்தான் வரி. நம் வருமான வரிச் சட்டம் மூலதன ஆதாயத்தைக் கைமாறிய வருடத்தில் கணக்கெடுப்பதற்குக் காரணம் பணக்காரர் மேல் பாசம் இல்லை. விற்காதவரிடம் வரி கட்டப் பணம் இருக்காது. விலை இன்னதுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நாளைக்கு விலை இறங்கினால் வாங்கிய வரியை அரசு திருப்பித் தரப்போவதும் இல்லை.

பங்குக்காவது திரையில் ஒரு விலை ஓடுகிறது. நிலத்துக்கு? ஒத்தக்கடைப் பக்கம் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மனைக்கே வழிகாட்டி மதிப்பு ஒன்று, புரோக்கர் சொல்லும் விலை ஒன்று, கடைசியில் கைமாறும் விலை ஒன்று. இதில் எதற்கு வருடாவருடம் மார்ச் 31 அன்று வரி போடுவீர்கள்?

சரி, விற்காததற்கு வரி போட்டால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? உங்கள் வீட்டிலேயே நடந்தது. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் மகன், என்னை இன்னும் "அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன், பெங்களூரில் வேலை பார்த்த கம்பெனியில் ஈசாப், அதாவது ஊழியர்களுக்குக் கம்பெனி குறைந்த விலையில் தரும் பங்கு, வாங்கினான். ஆயிரம் பங்கு. அவன் கொடுத்த விலை பங்குக்கு 100 ரூபாய். வாங்கிய அன்று மதிப்பீட்டு அறிக்கையில் இருந்த விலை 1,100. வித்தியாசம் ஆயிரம் ரூபாய், ஆயிரம் பங்குக்கு 10 லட்சம். அது சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகக் கணக்கில் ஏறியது. 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 3,12,000 ரூபாய். பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனி, விற்கவும் வழியில்லை. இரண்டு மாதம் அவனுக்குச் சம்பளமே வராத மாதிரி டிடிஎஸ் பிடித்தார்கள். பாக்கிக்கு நீங்கள்தான் நகையை வைத்தீர்கள். ஒன்றரை வருடத்தில் அந்தப் பங்கின் மதிப்பு கால்வாசிக்கு வந்தது. கட்டிய வரி? போனது போனதுதான். நஷ்டத்துக்கு விற்றால் அதை வேறு மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. அப்போது என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, "கையில வராத காசுக்கு வரியா, இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டது யார்? பந்தியில் பேசியவர் வேறு ஆளா?

"அப்போ எஃப்டி?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், நல்ல கேள்வி. ஐந்து வருட டெபாசிட்டில் வட்டி முழுவதும் கடைசியில்தான் கைக்கு வரும். ஆனால் சேரும் வட்டிக்கு வங்கி வருடாவருடம் டிடிஎஸ் பிடிக்கிறது. இது உறுத்தத்தான் செய்கிறது. வட்டி நாளுக்கு நாள் நிச்சயமாகச் சேர்கிறது, சேர்ந்தது குறையாது, பங்கு அப்படி இல்லை என்பது பதில். சட்டப்படி சரியான பதில். ஆனால் என்னிடம் வரும் பென்ஷன்காரர்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். பெரிய பணக்காரர்கள் பங்கை விற்காமல் அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செலவு செய்கிறார்கள், கடன் வருமானம் இல்லாததால் வரியும் இல்லை என்பீர்கள். உண்மைதான். அதற்கு அவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள். என் அப்பா ரிட்டயர்டு குமாஸ்தா.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அண்ணனுக்கும் புரியவில்லை, அப்பாவுக்கும் புரியவில்லை.

விற்றால்தான் வரி என்று வைத்ததும் மனுஷனுக்கு விற்க மனசு வராமல் போகிறது. எங்கள் தொழிலில் இதைப் 'பூட்டிக்கொள்வது' என்போம். பங்கு பூட்டிக்கொள்ளாது, அதன் சொந்தக்காரர் பூட்டிக்கொள்வார்.

2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது, ஓய்வுப் பணத்தில் இருந்து 4 லட்சத்துக்கு ஒரே கம்பெனியில் அப்பா பங்கு வாங்கினார். எந்தக் கம்பெனி என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். 2024 செப்டம்பரில் அது 24 லட்சம். வீட்டுச் சேமிப்பில் முக்கால்வாசி அந்த ஒரே கம்பெனியில் இருந்தது. "அப்பா, பாதியையாவது வித்துட்டு வேற எதுலயாவது பிரிச்சுப் போடுங்க" என்று சொன்னேன். ஒரு நோட்டில் எழுதியும் காட்டினேன். முழுவதும் விற்றால் லாபம் 20 லட்சம். அந்த ஜூலை 23 முதல் வந்த புதுக் கணக்குப்படி வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. மீதி 18.75 லட்சத்துக்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு சேர்த்து 2,43,750 ரூபாய். அப்பா அந்தக் கடைசி எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. "ரெண்டரை லட்சத்தை எதுக்கும்மா சும்மா தூக்கிக் கொடுக்கணும்? விக்காம இருந்தா ஒண்ணும் கொடுக்க வேண்டாமே" என்றார்.

இங்கேதான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அந்த 2.44 லட்சம் விற்பதால் முளைக்கும் செலவு இல்லை. என்றைக்கு விற்றாலும் வரப்போகும் வரி அது. விற்காமல் இருப்பதால் மிச்சமாவது வரி இல்லை, அதைக் கட்டும் தேதி தள்ளிப்போவதுதான். அதுவரை அரசு வட்டியில்லாமல் விட்டுவைத்த கடன் மாதிரி அந்தப் பணம் நம் பங்கோடு சேர்ந்து வளரும். அந்தச் சலுகை எவ்வளவு பெறும் என்றும் அந்த நோட்டிலேயே போட்டேன்.

பழைய பங்கு வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் 24 லட்சம் பத்து வருடத்தில் 62.25 லட்சம் ஆகும். அன்றைக்கு விற்று வரி கட்டினால் கையில் சுமார் 54.8 லட்சம். இப்போதே விற்று, வரி போக மிச்சமிருக்கும் 21.56 லட்சத்தை அதே 10 சதவீதத்தில் போட்டால், பத்து வருடம் கழித்து வரி போக சுமார் 51.6 லட்சம். வித்தியாசம் 3.2 லட்சம். அதை ஈடுகட்டப் புது முதலீடு 10 சதவீதத்துக்குப் பதில் 10.7 சதவீதம் வளர்ந்தால் போதும். வருடத்துக்கு முக்கால் சதவீதம் கூட இல்லை. அவ்வளவுதான் பூட்டின் கனம்! ஒரே கம்பெனியை நம்பி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும் ஆபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மனசுக்கு முக்கால் சதவீதம் தெரியாது. 2,43,750 தான் தெரியும்.

அப்பா விற்கவில்லை. அடுத்த மார்ச்சில் அது 11 லட்சம்.

அது விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் இங்கே உட்கார்ந்து பதிவு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பிரித்துப் போடுங்கள் என்றுதான் சொன்னேன். ஒரேயடியாக வேண்டாம் என்றால் மார்ச் கடைசியில் கொஞ்சம், ஏப்ரல் முதல் வாரத்தில் கொஞ்சம் விற்றால் இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும் என்றும் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு "முடியாது" என்று அர்த்தம்.

இதில் அண்ணனின் கேள்வியை வைத்துப் பாருங்கள். 24 லட்சம் இருந்தபோதே விற்காத லாபத்துக்கு வரி பிடித்திருந்தால், 2.44 லட்சம் கட்டுவதற்காகவே ஒரு பென்ஷன்காரர் பங்கை விற்றிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் அது 11 லட்சம் ஆனபோது கட்டியதை யார் திருப்பித் தருவார்கள்? நஷ்டத்தை எட்டு வருடம் எடுத்துப் போகலாம், வேறு நீண்டகால லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. எழுபத்திரண்டு வயதுக்காரருக்கு அடுத்த எட்டு வருடத்தில் லாபம் எங்கிருந்து வரும்? பந்தியில் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம். "இருபது லட்சம் லாபம் பார்த்தவன்" என்றீர்களே, அந்த இருபது லட்சத்தை அப்பா எங்கே பார்த்தார்? போனில் பார்த்தார்.

போன மாதம் அவர் இன்னொரு யோசனை சொன்னார். "நான் போனப்புறம் நீங்க வித்துக்கோங்க. அப்போ வரி இருக்காதுல்ல?" என்றார். யாரோ அமெரிக்கக் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வாரிசுக்கு வந்த பங்கின் அடக்க விலையாக இறந்த நாளின் விலையை எடுத்துக்கொள்வார்கள், அதுவரை ஏறிய லாபம் வரிக்கே வராமல் போய்விடும். அதனால் அங்கே சாகும்வரை விற்காமல் வைத்திருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊரில் அப்பா வாங்கிய அந்த 4 லட்சம்தான் எங்களுக்கும் அடக்க விலை. பூட்டோடு சேர்த்து எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம், திறந்துகொள்ளாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்பா" என்றேன். நானும் அவர் மகள்தானே.

இன்னும் தினமும் காலை ஒன்பதே காலுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுக்கிறார். அன்றைக்குப் பந்தியில் அண்ணன் பேசியது அவருக்கும் கேட்டது. பாயசத்துக்கு இலையில் இடமில்லை என்று எழுந்துவிட்டார். அவருக்குப் பாயசம் எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும் அண்ணா.

வரி ஏமாற்ற வழி சொல்லிக் கொடுக்கிறவளிடம் இந்த வருட ரிட்டர்னும் போட வேண்டும் என்று உங்கள் மகன் கேட்டிருந்தான். ஃபார்ம் 16 இன்னும் வரவில்லை, அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஈசாப் பங்கை விற்றுவிட்டானா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். விற்றிருந்தால் நஷ்டத்தைக் கடைசித் தேதிக்குள் காட்ட வேண்டும்.