மூன்று மாத இருமலும் ஒரு காலண்டரும்

பினாங்கில் மருந்தாளராக வேலை செய்கிறேன். போன வருடக் கடைசியில், அடிக்கடி வரும் அக்கா ஒருவர் நாலாவது முறையாக இருமல் மருந்து கேட்டு வந்தார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. வறட்டு இருமல்தான், படுத்தால் அதிகமாகிறது. காசநோய்ப் பரிசோதனை எடுத்தாயிற்று, எக்ஸ்ரேயும் சுத்தம். “புகைமூட்டத்தால் இருக்கும் தம்பி” என்று அவரே ஒரு காரணமும் சொன்னார்.

மருந்துப் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோப்ரில் இருந்தது. அதை ஆரம்பித்த மூன்றாவது வாரம் இருமல் தொடங்கியிருக்கிறது. டாக்டரிடம் பேசி லோசார்ட்டனுக்கு மாற்றினோம். இருமல் போயிற்று. ஆனால் அதற்கு முன் மூன்று மாதம், மூன்று இடம், எத்தனையோ பாட்டில்கள். மருந்தா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் மூன்று முறை நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெரிண்டோப்ரில் சேர்ந்த ரத்த அழுத்த மருந்து வகையில் முதலாவதான கேப்டோப்ரில் 1981-இல் சந்தைக்கு வந்தது. இருமல் அதன் பக்கவிளைவு என்று உறுதியாகச் சொல்லப் பல வருடங்கள் ஆயின. இத்தனைக்கும் இது அபூர்வமானது இல்லை, சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரக்கூடியது. அப்புறம் ஏன் தப்பியது? இருமல் எல்லோருக்கும் வருவதுதானே. தோல் உரிந்தால் மருந்தைச் சந்தேகிப்போம், இருமினால் வானிலையைச் சந்தேகிப்போம். நியூசிலாந்தில் சில மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு என்ன நடந்தாலும், மருந்துதான் காரணமோ இல்லையோ, எழுதச் சொல்லும் கண்காணிப்புத் திட்டம் இருந்தது. அதில் சேர்ந்த தகவலை வைத்து 1987-இல் கேப்டோப்ரில், எனலாப்ரில் இரண்டையும் இருமலோடு சேர்த்து எழுதினார்கள். பெண்களுக்கே அதிகம் என்பதும் தெரிய வந்தது.

நம் நாட்டில் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு, மருந்தின் பக்கவிளைவோ என்று சந்தேகித்து எழுதும் புகார்கள் போகின்றன. அங்கிருந்து சுவீடனின் உப்சாலாவில் இருக்கும் உலகத் தரவுத்தளத்துக்கும் போகும். அங்கே நடக்கும் கணக்கு நாம் நினைப்பதைவிட எளிது. எண்கள் என் கற்பனைதான்: ஒரு புது மருந்தைப் பற்றி 200 புகார்கள், அதில் 16 இருமல். அதாவது 8 சதவீதம். மற்ற எல்லா மருந்துகளுக்கும் சேர்த்து 50,000 புகார்கள், அதில் 1,000 இருமல், 2 சதவீதம். இந்த மருந்தில் இருமலின் பங்கு நாலு மடங்கு. குறைந்தது மூன்று புகார், இரண்டு மடங்குக்கு மேல் பங்கு, தற்செயல் அல்ல என்று காட்டும் ஒரு புள்ளியியல் சோதனை: இவை தேறினால் அதைச் சிக்னல், அதாவது மருந்துக்குத் தொடர்பு இருக்கலாம் என்ற எச்சரிக்கை, என்று கவனிப்பது ஒரு பழகிய அளவுகோல்.

ஆனால் அந்த 8 சதவீதத்தை “நூறு பேரில் எட்டுப் பேருக்கு இருமல்” என்று படிக்கக் கூடாது. மருந்தை எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதே அந்தக் கணக்கில் கிடையாது. பத்திரிகையில் ஒரு செய்தி வந்தால் போதும், அடுத்த மாதம் புகார்கள் குவியும், மடங்கும் ஏறும். அதனால் ஒரு மனிதர் உட்கார்ந்து அந்த 16 புகாரையும் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். மருந்து எப்போது ஆரம்பித்தது, இருமல் எப்போது வந்தது, நிறுத்தியதும் போனதா, மறுபடி கொடுத்ததும் திரும்பியதா, ஆஸ்துமா உண்டா, ஜாமுவோ நாட்டு மருந்தோ கூடவே சாப்பிட்டாரா.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் அனுப்புகிற புகார்களில் பல, “இருமல், மருந்து மாற்றப்பட்டது” என்பதோடு முடிகின்றன. நிறுத்திய தேதி இல்லை, நிறுத்திய பிறகு என்ன ஆனது என்பதும் இல்லை. படிக்கிறவர் அதை வைத்து என்ன செய்வார்?

பெரிண்டோப்ரில் இருமல் ஊரறிந்தது, இன்னொரு புகார் அதன் கதையை மாற்றிவிடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். புது மருந்துக்கு அப்படி இல்லை. 3,000 பேரிடம் சோதித்து ஒருவருக்கும் வராத பக்கவிளைவு, ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒன்றாகக்கூட இருக்கலாம். அது தெரிவது நம் கவுண்ட்டரில்தான். மருந்துதான் காரணம் என்று நிரூபித்துவிட்டு எழுத வேண்டியதில்லை. யாருக்கு, எந்த மருந்து, என்ன ஆனது, எழுதுவது யார் என்ற நாலும் இருந்தால் புகார் செல்லும். நோயாளியே அனுப்பவும் தனிப் படிவம் இருக்கிறது.

அக்காவுக்கு மருந்து மாற்றிய தேதி என் ஏட்டில் இருந்தது. இருமல் நின்ற நாளைக் கேட்டேன். “சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கேன் தம்பி, அன்னைக்குத்தான் முழுசாத் தூங்கினேன்” என்றார். போன் போட்டு மகளைப் பார்க்கச் சொன்னார். மாற்றிய பதினாறாவது நாள். அதைப் படிவத்தில் எழுதி அனுப்பினேன்.