ஃபிளாஸ்க் நிறையப் பெருஞ்சீரகத் தண்ணி

சனிக்கிழமை களுவாஞ்சிக்குடியில் துடக்குக் கழித்த வீட்டில் நடந்ததை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் ஏதோ பிள்ளைப்பெற்றவளைப் பயமுறுத்தி, பால் வற்ற வைக்கப் பார்த்தேன் என்ற கதை கல்முனை வரை போய்விட்டது. பெருஞ்சீரகத் தண்ணியைப் பற்றி நான் சொன்னது இவ்வளவுதான்: "மகள், ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பை போதும்." குடிக்காதே என்று சொல்லவில்லை. ரெண்டு கோப்பை என்றேன்.

பால் ஊற வேண்டும் என்று அவளுக்கு வைத்த ஃபிளாஸ்கில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை லீட்டர் தண்ணியில் ஒரு பிடி பெருஞ்சீரகம், விடிய ஊற்றி, பொழுதுபடுமுன் முடிக்க வேண்டும், முடிந்தால் இன்னொன்று. ஒரு பிடி என்றால் பத்துக் கிராமுக்குக் குறையாது. ஐரோப்பாவில் மூலிகை மருந்துகளுக்கு அளவு வைக்கிறவர்கள், வயிற்றுப் பொருமலுக்குப் பெரியவர்கள் குடிக்கலாம் என்று சொல்வதே கோப்பைக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிராம், நாளைக்கு மூன்று தரம், அதுவும் இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம் என்றுதான். பால் கொடுக்கிறவர்களுக்கு அதையும் பரிந்துரைக்கவில்லை, போதிய ஆய்வு இல்லை என்கிறார்கள். அதைப் பார்த்தால் என் ரெண்டு கோப்பையே தாராளம்! தேக்கரண்டி மட்டமாக ஒன்று, லேசாகத் தட்டி, கொதித்த தண்ணி ஊற்றி, மூடி வைத்துப் பத்து நிமிடத்தில் வடித்துக் குடிப்பது. முதலில் ஒரு கோப்பை, பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் ரெண்டு. இதில் எங்கே பயமுறுத்தல்?

"மூலிகைதானே, என்ன செய்யப்போகுது?" என்று கேட்டவருக்கு. 1994இல் இத்தாலியில் இரண்டு பச்சைப்பிள்ளைகளின் கதை மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. தாய்மார் இருவரும் பால் ஊறட்டும் என்று நாளைக்கு இரண்டு லீட்டருக்கு மேல் மூலிகைத் தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். பெருஞ்சீரகம், அதிமதுரம், சோம்பு வகை இன்னொன்று, வேறொரு செடி எல்லாம் கலந்தது. பிள்ளைகள் சோர்ந்துபோய், சத்தி எடுத்து, அழுகை மெலிந்து, பால் உறிஞ்ச மாட்டாமல் கிடந்தன. தாய்மாருக்கும் மயக்கம், அசதி. அந்தத் தண்ணியையும் தாய்ப்பாலையும் நிறுத்த, ஒன்றரை நாளுக்குள் தெளிந்துவிட்டன. எந்தச் சரக்கு செய்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, அது உண்மை. ஆனால் எவ்வளவு குடித்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். அளவு, அளவு, அளவு.

என் சித்தி மகளுக்கும் இப்படித்தான் ஃபிளாஸ்க் வைத்தார்கள். பிள்ளை நல்ல நித்திரை. "தங்கமான பிள்ளை, அழுகையே இல்லை" என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வந்து நிறுத்துப் பார்த்தால் நிறை ஏறவே இல்லை. பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, பிள்ளை முலைக்காம்பை மட்டும் பிடிக்கிறது, கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும் என்று பிடிக்க வைத்துக் காட்டினார். நாளைக்கு எட்டுத் தரமாவது எழுப்பிக் கொடு என்றார். அடுத்த கிழமை நிறை ஏறியது. நித்திரைக்குக் காரணம் பெருஞ்சீரகம்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஃபிளாஸ்கை நம்பி உட்கார்ந்திருந்ததில் நாட்கள் போய்விட்டன.

"எங்கட அம்மம்மா குடிக்கலையா?" குடித்தார்கள். கறியில் போட்டார்கள், பத்தியத்தில் கொஞ்சம் போட்டார்கள். ஃபிளாஸ்க் வைத்திருந்தார்களா? சரி, விடுவோம்.

"எனக்குக் குடித்த பிறகுதானே பால் வந்தது?" மூன்றாம் நான்காம் நாளில் பால் கட்டுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பது. பெருஞ்சீரகம் பாலைக் கூட்டும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். தாய் குடித்தால் பிள்ளையின் வயிற்று வாயு போகும் என்பதற்கும் பலமான ஆதாரம் இல்லை. பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பிள்ளைக்கே நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள். தாய் குடித்தால் பாலில் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். உடனே "அப்ப பிள்ளைக்கே ஒரு கரண்டி பருக்குவம்" என்று கிளம்பாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான்.

பிள்ளை எழுப்பியும் எழும்பாவிட்டால், உறிஞ்சாவிட்டால், அழுகை மெலிந்தால், முதல் கிழமைக்குப் பிறகும் நாளைக்கு ஆறு தரத்துக்குக் குறைவாக மூத்திரம் போனால், இதில் எது நடந்தாலும் தண்ணியை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாலை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"நீ என்ன டொக்டரா?" என்று கேட்டீர்கள், அத்தனை பேர் முன்னால். இல்லை, இரண்டு பிள்ளை பெற்றவள். கேட்டவர் அரிசி ஆலை நடத்துகிறார், அவருடைய மருத்துவ அறிவை யாரும் கேட்கவில்லை. சுற்றி நின்று ஆளுக்கொரு அளவு சொன்னோம், நானும்தான். நடுவில் இரவு முழுக்க முழித்த பிள்ளைப்பெற்றவள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பால் காணாது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்ன ஒருவராவது, சாப்பிட்டியா, அந்த வாசம் உனக்குப் பிடிக்குதா என்று கேட்டீர்களா?