பாஸ்புக்கின் மூன்றாவது கட்டம்

போன ஆவணி மாசம் அண்ணன் மகள் போன் பண்ணினாள். "சித்தப்பா, ஆபீஸ்ல பி.எஃப். 1,800 பிடிக்கிறாங்க. கம்பெனியும் 1,800 போடுதுன்னு சொல்றாங்க. அப்போ மாசம் 3,600 ஏறணும்ல? கணக்குல அப்படிக் காட்டலையே?"

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினாறு வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன். இந்தக் கேள்வியை என் மேஜைக்கு வந்து கேட்ட ஆட்களுக்குக் கணக்கே கிடையாது. லேத் ஓட்டுகிறவர், பெயின்ட் ஷாப்பில் இருக்கிறவர், கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "பாதி பென்ஷனுக்குப் போகுதுங்க." வந்தவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவளுக்கும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, பாஸ்புக்கை அனுப்பச் சொன்னேன்.

பாஸ்புக்கைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாசத்துக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருக்கும். முதலில் உங்கள் பங்கு, அடுத்து முதலாளி பங்கு, மூன்றாவது பென்ஷன். அவளுடையதில் 1,800, 550, 1,250 என்று இருந்தது. மூன்றையும் கூட்டினால் 3,600 சரியாக வருகிறது. ஆனால் வட்டி ஏறுவது முதல் இரண்டு கட்டத்துக்குத்தான். அதாவது மாசம் 2,350 ரூபாய். மூன்றாவது கட்டத்துப் பணம் வேறொரு பொதுக் குடத்துக்குள் போய்விடுகிறது. அங்கே உங்கள் பெயரில் தனி இருப்பும் இல்லை, வட்டியும் இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் அம்பத்தூரில் வேலை பார்க்கிறான். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 13,500. அவன் சம்பளத்திலிருந்து 12 சதவீதம், 1,620 ரூபாய் போகிறது. முதலாளியும் 1,620 கொடுக்கிறார். அதில் சம்பளத்தில் 8.33 சதவீதம், 1,125 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போகிறது. மீதி 495 மட்டும் பி.எஃப். கணக்குக்கு. ஆக அவன் கணக்கில் மாசம் ஏறுவது 2,115. "12-ம் 12-ம் 24" என்று டீக்கடையில் போடுகிற கணக்குப்படி 3,240 வந்திருக்க வேண்டும். நிஜத்தில் ஏறுவது பதினைந்தே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. இதில் யாரும் அவனை ஏமாற்றவில்லை. சட்டமே அப்படித்தான். பத்து வருஷம் சர்வீஸ் போட்டால் 58 வயதில் பென்ஷன் உண்டு. 30 வருஷம் போட்டால் கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளத்தை 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள் (இருபது வருஷம் தாண்டினால் இரண்டு வருஷம் போனஸ், அதனால்தான் 32). செத்துப்போனால் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. சின்னச் சம்பளக்காரனுக்கு அது ஒன்றும் கேவலமில்லை.

அண்ணன் மகள் விஷயம் வேறு. அவளுக்கு இதுதான் முதல் வேலை. 2023 ஜூலையில் சேர்ந்தாள். சேரும்போதே பேசிக் 22,000.

2014 செப்டம்பர் 1-ஆம் தேதி பி.எஃப். சம்பள உச்சவரம்பை 6,500-லிருந்து 15,000-ஆக உயர்த்தினார்கள். அதோடு சேர்த்து இன்னொரு விதியும் வந்தது. அதற்குப் பிறகு முதன்முதலாகச் சேருகிறவர், சேரும்போதே 15,000-க்கு மேல் சம்பளம் வாங்கினால், அவர் பென்ஷன் திட்டத்தில் உறுப்பினரே ஆக முடியாது. அப்படிப்பட்டவருக்கு முதலாளி கொடுக்கிற பங்கு முழுசாக பி.எஃப். கணக்குக்கே வர வேண்டும். மூன்றாவது கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். அவள் எதிர்பார்த்த 3,600 சரியான எதிர்பார்ப்பு. "பாதி பென்ஷனுக்குப் போகுது" என்று நான் சொல்லியிருந்தால் அது தப்பான பதில்.

எனக்குள் சுருக்கென்றது. 2014-க்குப் பிறகு என் மேஜைக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லி அனுப்பினேனோ தெரியவில்லை.

தப்பு எங்கே நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த ஃபைலை நானே மாசாமாசம் ஏற்றியிருக்கிறேன். கம்பெனி பி.எஃப். தளத்தில் ஏற்றுவது ஒரு சாதாரண எழுத்து ஃபைல். ஆளுக்கு ஒரு வரி. அவளுடைய வரி இப்படிப் போயிருக்கும்:

```
UAN#~#NAME#~#38000#~#15000#~#15000#~#15000#~#1800#~#1250#~#550#~#0#~#0
```

போயிருக்க வேண்டியது இது:

```
UAN#~#NAME#~#38000#~#15000#~#0#~#15000#~#1800#~#0#~#1800#~#0#~#0
```

UAN-ஐயும் பெயரையும் சேர்த்து எண்ணி, ஐந்தாவது இடத்தில் இருக்கிற எண்ணைப் பாருங்கள். அதுதான் பென்ஷனுக்கான சம்பளம். அங்கே பூஜ்யம் போட்டிருந்தால் பின்னால் வருகிற 1,250-ம் பூஜ்யமாகி, 550 இருந்த இடத்தில் 1,800 வந்திருக்கும். ஆளைச் சேர்க்கும்போது சம்பள மென்பொருளில் "பென்ஷன் உறுப்பினரா" என்ற கட்டத்தில் எல்லாருக்கும் போலவே "ஆம்" என்று விட்டிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் திருடவில்லை. கம்பெனிக்கு இதில் ஒரு பைசா லாபமும் இல்லை, அவர்கள் 1,800 கொடுத்துவிட்டார்கள். அதனாலேயே யாரும் இதைக் கவனிப்பதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு 1,250-ஐப் பார்த்தவுடன் ஹெச்.ஆரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இதற்கு முன்னால் எங்காவது 12,000, 14,000 சம்பளத்தில் பி.எஃப். பிடித்து வேலை பார்த்து, பென்ஷன் உறுப்பினராக ஆகியிருந்தால், இப்போது சம்பளம் லட்ச ரூபாய் ஆனாலும் அந்த உறுப்பினர் நிலை தொடரும். 1,250 போவது சரிதான். சேரும்போது கையெழுத்து வாங்குகிற படிவம் 11-இல் "முன்பு பென்ஷன் திட்டத்தில் இருந்தீர்களா" என்று கேட்பது இதற்காகத்தான். நாம்தான் பேனா வைத்த இடத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அவள் அதில் "இல்லை" என்று எழுதியிருந்தாள். நகலை போட்டோ எடுத்து வைத்திருந்தாள், கெட்டிக்காரி.

போனால் போகிறது, மாசம் 1,250 தானே, பென்ஷனாவது வரட்டும் என்று நினைக்கத் தோன்றும். அண்ணனும் அதைத்தான் சொன்னார். சிக்கல் என்னவென்றால், தகுதி இல்லாதவர் பெயரில் போன பணத்துக்குப் பென்ஷன் வராது. வேலை மாறி கணக்கை மாற்றும்போதோ, கடைசியில் பென்ஷனுக்கு மனுப் போடும்போதோதான் அலுவலகம் "உறுப்பினர் ஆகவே தகுதியில்லை" என்று திருப்பி அனுப்பும். அப்போது பழைய கம்பெனி இருக்குமோ இருக்காதோ. இன்னொரு பக்கம், அந்த 1,250 பி.எஃப். கணக்கிலேயே இருந்து, 2023-24-க்கும் 2024-25-க்கும் கொடுத்த 8.25 சதவீத வட்டி அப்படியே 30 வருஷம் நீடித்தால், 18 லட்சத்தைத் தாண்டும். வட்டி ஏறும் இறங்கும், அது தெரியும். ஆனாலும் 18 லட்சம் என்பது விட்டுக்கொடுக்கிற தொகையா?

இங்கே என் கோபம் கம்பெனிகள் பேசுகிற பேச்சின் மேல்தான். நேர்முகத்தில் "12 சதவீதம் நாங்களும் மேட்ச் பண்றோம்" என்பார்கள். 22,000-க்கு 12 சதவீதம் 2,640. கொடுப்பது 1,800. ஏனென்றால் 15,000-க்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். அப்படிச் செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது, சரி. அப்புறம் எதற்கு 12 சதவீதம் என்ற பேச்சு? மாசம் 1,800 என்று சொல்லிவிட்டுப் போகலாமே. அதிலும் ஆஃபர் லெட்டரில் அந்த 1,800-ஐ சி.டி.சி.க்குள்ளேயே, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்வதாகச் சொல்கிற மொத்தச் செலவுக்குள்ளேயே, வைத்திருப்பார்கள். சில இடங்களில் 1,950 என்றிருக்கும். இன்சூரன்ஸுக்கு 75, நிர்வாகச் செலவுக்கு 75 முதலாளி கட்ட வேண்டியது, அதையும் உங்கள் சம்பளக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். முதலாளி தன் பங்கைத் தொழிலாளி சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சி.டி.சி. என்ற வார்த்தை வந்த பிறகு யாருக்கும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, முதலிலேயே கழித்துத்தான் பேசுகிறார்கள்.

பே ஸ்லிப்பிலும் "முதலாளி பங்கு 1,800" என்று ஒரே வரி. 550-ம் 1,250-ம் பிரித்துப் போட மென்பொருளுக்கு வலிக்குமா? நான் வேலையில் இருந்தபோது இதைக் கேட்டேன். "இருக்கிற கேள்வியே போதும்பா, புதுசா கிளப்பாதே" என்றார் மேனேஜர். நானும் விட்டுவிட்டேன். பிரித்துப் போட்டிருந்தால் அவளுக்கு முதல் மாசமே தெரிந்திருக்கும்.

சரி, அவள் கதை. ஹெச்.ஆருக்கு மெயில் போட்டாள். முதல் பதில், "சட்டப்படிதான் பிடிக்கிறோம்." இரண்டாவது மெயிலில் படிவம் 11 நகலையும் பாஸ்புக்கையும் இணைத்து, சேர்ந்த தேதியையும் அன்றைய பேசிக்கையும் மட்டும் எழுதச் சொன்னேன். குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம் என்றேன். பத்து நாளில் அவர்களுடைய பி.எஃப். கன்சல்டன்ட்டே கூப்பிட்டுப் பேசினார். இனிமேல் போவதை நிறுத்துவது சுலபம், ஃபைலில் அந்த எண்ணை மாற்றினால் போதும் என்றார். ஏற்கெனவே போனதைத் திருப்ப, கம்பெனி தன் தவறை ஒப்புக்கொண்டு பி.எஃப். அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், திருத்திய கணக்கை மாசவாரியாகக் கொடுக்க வேண்டும். தொழிலாளி தனியாகப் போய்க் கேட்டால் ஆகாது. அதுதான் இதில் பெரிய கஷ்டம்.

2025 செப்டம்பர் சம்பளத்துக்கான பணம், வழக்கப்படி பார்த்தால், அக்டோபர் 15-க்குள் கட்ட வேண்டியது. அந்த வாரம் முழுக்க தினமும் பாஸ்புக்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒரு ராத்திரி ஸ்கிரீன்ஷாட் வந்தது: 1,800, 1,800, 0.

அதற்கு மேலே இருக்கிற 26 வரிகளிலும் இன்னும் 1,250 அப்படியே நிற்கிறது. மொத்தம் 32,500. கடிதம் போய்விட்டது என்று கம்பெனி சொல்கிறது. அதன் நகலையும் அலுவலக முத்திரை விழுந்த ரசீதையும் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.